"சீக்கிரம் எழுந்திருப்பீங்களா?" என்று கேட்காதீங்க

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "பொண்ணு பார்க்க வந்துட்டு, 'ரெண்டு பேரும் தனியா பேசுங்க'ன்னு மொட்டை மாடிக்கு அனுப்பிடுறாங்க. அந்த இருபது நிமிஷத்துல என்னதான் கேக்குறது?" இன்னைக்கு என் கதையையே சொல்றேன்.

எனக்கு வந்த ஒரு வரன். எங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. நான் மாடியில அவர்கிட்ட கேட்டது ரெண்டே விஷயம். காலையில சீக்கிரம் எழுந்திருப்பீங்களா? வீட்டைச் சுத்தமா வெச்சிருப்பீங்களா? ரெண்டுக்கும் "ஆமாங்க, எனக்கு எல்லாமே நேர்த்தியா இருக்கணும்" என்றார். அவர் திருப்பிக் கேட்டப்போ நானும் அதையேதான் சொன்னேன். ரெண்டு பேரும் சந்தோஷமா கீழே இறங்கி வந்தோம்.

அவர் பொய் சொல்லலை, நானும் சொல்லலை. ஆனா இப்படிக் கேட்டா யாருமே தாங்கள் எப்படி இருக்கணும்னு நினைக்கிறாங்களோ, அதைத்தான் சொல்வாங்க. அரசாங்கத்தோட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019ல நடந்தது. அதுல "வீட்டு வேலை செய்வீங்களா?"ன்னு மட்டும் கேட்டு விடலை. முந்தின நாள் காலை 4 மணியிலிருந்து அடுத்த நாள் 4 மணி வரைக்கும், அரை மணி நேரம் அரை மணி நேரமா என்ன செஞ்சீங்கன்னு கேட்டாங்க. அதனாலதான், வீட்டு வேலையில ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் செலவழிக்கிறாங்கன்னு தெளிவா சொல்ல முடிஞ்சது.

அந்த முறையைத்தான் நான் எடுத்துக்கிட்டேன். அடுத்த வாரம் போன்ல பேசும்போது, "நேத்து காலையில கண்ணு முழிச்சதுல இருந்து சொல்லுங்களேன்" என்றேன். சிரிச்சிட்டே ஆரம்பிச்சார். அஞ்சு மணிக்கு எழுந்தாராம், ஜிம்முக்குப் போனாராம். திரும்பி வந்தா டேபிள்ல காபி, கட்டில் மேல இஸ்திரி போட்ட சட்டை, பையில டிபன் பாக்ஸ். காபி "இருந்தது", சட்டை "இருந்தது". யார் வெச்சாங்கங்கிறது அவர் பேச்சுல வரவே இல்லை.

அப்போ நான் கேட்டேன்: "அம்மா ஊருக்குப் போயிருந்த வாரம் எப்படிப் போச்சு?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் உண்மையைச் சொன்னார். மூணு நாள் வெளிச் சாப்பாடு. சிங்க்ல பாத்திரம் அப்படியே கிடந்து, வாடை வந்த பிறகுதான் கழுவினாராம். நேர்த்தியான வீடு அவருக்குப் பிடிக்கும். ஆனா அந்த நேர்த்தியைச் செய்யுற பழக்கம் அவர்கிட்ட இல்லை.

அடுத்து என் முறை. "ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?" என்றார். மாட்டிக்கிட்டேன். எனக்கு அமெரிக்க டீம், வேலை முடியவே ராத்திரி ஒரு மணி ஆகும். லீவு நாள்ல பத்து மணி வரை தூங்குவேன்.

இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். தூக்கத்தை ஆராய்ச்சி பண்றவங்க பயன்படுத்துற மியூனிக் கேள்வித்தாளும் வேலை நாளையும் லீவு நாளையும் தனித்தனியாத்தான் கேட்கும். வேலை நாள்ல அலாரம் எழுப்பிடும். உடம்புக்கு எது இயல்புன்னு அலாரம் இல்லாத நாள்லதான் தெரியும். அவர் லீவு நாள்லயும் அஞ்சு மணிக்கே எழுந்துடுவார்.

இதுக்காக மட்டும் ஒரு வரனை வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கொரு நேரத்துல தூங்கி, நல்லா குடும்பம் நடத்துறவங்க இருக்காங்க. அதனால கடைசியா ஒண்ணு கேட்டேன்: "உங்க வீட்டுல அஞ்சரைக்கே சமையல் ஆரம்பிச்சிடும்னு சொன்னீங்க. நான் ரெண்டு மணிக்குப் படுத்தா, அந்த நேரத்துக்கு என்ன பண்றது?"

யோசிக்காமலே சொன்னார்: "நீங்க வேலையை மாத்திக்கலாமே."

அவர் நல்ல மனுஷர், கோபமாகவும் சொல்லலை. ஆனா அந்தச் சமையலை ரெண்டு பேரும் எப்படிப் பிரிச்சுக்கலாம்ங்கிற யோசனையே அவருக்கு வரலை. எனக்குத் தேவையான பதில் கிடைச்சிடுச்சு. அம்மாகிட்ட வேண்டாம்னு சொன்னேன். ஒரு மாசம் வீட்டுல சரியாவே பேசலை. அது கஷ்டமாத்தான் இருந்தது.

இந்த முறைக்கும் ஒரு எல்லை இருக்கு. நேத்து எப்படி இருந்தாங்கன்னுதான் தெரியும். நாளைக்குத் தனிக்குடித்தனத்துல எப்படி மாறுவாங்கன்னு தெரியாது. பாத்திரம் கழுவுறதை ரெண்டு வாரத்துல பழகிக்கலாம். அதனால பதிலைவிட, "அப்போ என்ன பண்ணலாம்?"னு கேட்கும்போது அவங்க யாரை மாறச் சொல்றாங்கன்னு கவனிங்க. முக்கியமா, அதே கேள்விக்கு உங்க ஞாயிற்றுக்கிழமையையும் ஒளிக்காம சொல்லுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். வரேன்!