கூடுதலாக வந்த காசோலை

வங்கியில் காசோலைப் பகுதியில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவனாதலால், அந்தச் சிறு காகிதத்தின்மீது எனக்கு இன்னமும் தனிப் பிரியம் உண்டு; இன்று காசோலை மோசடியை விரிவாகச் சொல்லி, எஸ்க்ரோ மோசடியைக் கடைசியில் சுருக்கிக்கொண்டால் பொறுத்தருள வேண்டும்.

சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளை வேடசந்தூரிலிருந்தே இணையத்தில் விற்கத் தொடங்கியிருந்த ஒரு பெண்மணி, இரண்டாம் சனிக்கிழமையன்று கைப்பேசியும் கையுமாக என் வீட்டுக்கு வந்து, "சார், பணம் ஏறிருச்சு, மிச்சத்த அனுப்பிவிட்டுரவா?" என்று கேட்டார். 18,000 ரூபாய்ச் சரக்குக்கு 63,000 ரூபாய்க் காசோலையை அனுப்பிய வெளியூர் வியாபாரி, குமாஸ்தா தவறாக எழுதிவிட்டதாகவும், மீதி 45,000 ரூபாயை லாரிக்காரருக்கு யுபிஐ மூலம் அன்றே அனுப்பிவிட வேண்டுமென்றும் ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தாராம்.

கணக்கைத் திறக்கச் சொன்னேன். மொத்த இருப்பில் 63,000 கூடியிருந்தது. ஆனால் அதன் கீழே ‘அவைலபிள் பேலன்ஸ்’ என்ற வரியில் ஒரு ரூபாயும் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை மாலை போட்ட காசோலை இன்னும் வசூலாகவில்லை. ஆகவே அவர் அனுப்பவிருந்தது சேலை விற்ற பணமன்று, தமது சொந்தச் சேமிப்பு. விடுமுறை நாளைப் பார்த்து அவசரப்படுத்துவதில்தான் சூழ்ச்சியே அடங்கியிருக்கிறது. திங்கட்கிழமை, கையொப்பம் பொருந்தவில்லை என்ற குறிப்போடு காசோலை திரும்பிற்று.

அமெரிக்காவில், வசூலாகும் முன்பே பணத்தை எடுக்க வங்கி அனுமதிக்க வேண்டுமென 1987-இல் சட்டமே வந்தமையால், அங்கே இத்தந்திரம் நன்றாகப் பலித்தது. நம் நாட்டிலோ 2025 அக்டோபர் 4 முதல், வேலை நேரத்தில் செலுத்தும் காசோலையின் கதி பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

வசூலாகிவிட்டால் கவலையில்லையா என்று கேட்பீர்கள். அங்கேதான் ஒரு சங்கடம்: பிறருடைய காசோலையைப் போலியாக அச்சிட்டிருந்தால், உண்மையான கணக்குக்காரர் பின்னர் புகார் செய்யும்போது பணம் வந்து சேர்ந்த கணக்கே முடக்கப்படலாம். கூடுதல் தொகைக்கு எழுதிய காசோலையை வங்கியில் செலுத்தாமலே, சரியான தொகைக்கு வேறொன்று கேளுங்கள்; செலுத்திவிட்டிருந்தால், காசோலை எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே மிகுதியைத் திருப்பும்படி கிளையில் எழுதிக் கொடுங்கள். லாரிக்காரர், தரகர் என்று மூன்றாமவர் பெயர் வந்தாலே நிறுத்திவிட வேண்டும்.

நேரம் நெருங்குகிறது. எஸ்க்ரோ என்பது, வேலை முடியும்வரை வாங்குபவரின் பணத்தை நடுவர் ஒருவர் வைத்திருக்கும் ஏற்பாடு. எழுத்து வேலையோ படவேலையோ செய்யும் இளைஞருக்கு, "உங்கள் 40,000 ரூபாய் காத்திருக்கிறது, அதை விடுவிக்க 3,000 ரூபாய் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால் அது பொய். கட்டணம் உண்டெனில் அந்த 40,000-லேயே கழித்துக்கொள்ளலாமே! வாங்குபவர் அனுப்பும் இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டெழுதிப் பாருங்கள். பணம் போய்விட்டதென்றால், கூச்சப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணை உடனே அழைப்பீர்களென நம்புகிறேன். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் தடுத்து நிறுத்த இயலும்.