நிழல் மாறிய கதை: கொசுவம், ரவிக்கை, சட்டை

(கூட்டமைப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். அதனால் துணியைப் பற்றித்தான் பேசப் போறேன். "அந்தக் காலத்துப் பொம்பளைங்க எவ்வளவு அடக்கமா உடுத்துனாங்க, இப்ப உள்ள பிள்ளைங்களைப் பாரு" என்று சொல்லாத வீடு இல்லை. சரி, எந்தக் காலம் அந்தக் காலம்? வெயிலில் நின்றால் தரையில் நம்ம நிழல் விழுகிறது. 1900-இல் நின்ற பெண்ணின் நிழலும் 2000-இல் நின்ற பெண்ணின் நிழலும் ஒன்றாக இருக்காது. அந்த நிழல் ஏன் மாறியது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நம்ம பூட்டி காலத்து நிழலைப் பார்ப்போம். சேலை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். கொசுவம் முன்னால் இல்லை. இடுப்புக்குப் பின்னால் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். முந்தானை மாரைச் சுற்றி வந்து இடுப்பில் இறுக்கிச் செருகியிருக்கும். உள்ளே பாவாடை கிடையாது. மேலே ரவிக்கையும் கிடையாது. காதில் தண்டட்டி தோள் வரைக்கும் தொங்கும்.

இதை யாரும் அழகு பார்த்து முடிவு செய்யவில்லை. வேலைதான் முடிவு செய்தது. 1895-இல் பெரியாறு அணை கட்டி முடித்துத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிய பிறகு, கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விவசாயம் பெருகியது. நாற்று நடுகிறவள் குனிந்தபடியே பின்னால் நடக்கணும். கொசுவம் முன்னால் தொங்கினால் சேற்றில் புரளும், காலைத் தட்டும். பின்கொசுவம் வைத்துக் கட்டினால் முன்பக்கம் துணி தட்டையாக ஒட்டி நிற்கும். தண்ணீருக்குள் இறங்கும்போது முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகுவதும் சுலபம். தறியிலிருந்து வந்த துணியில் ஊசியே படாது. கட்டுகிற கை தெரிந்தால் போதும், தையல்காரர் தேவையில்லை.

அப்படியானால் ரவிக்கை எப்போது வந்தது? இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். ரவிக்கை போடாமல் இருந்தது பல வீடுகளில் பழக்கம். வேறு சில வீடுகளில் அது கட்டாயம். இரண்டும் ஒன்று இல்லை.

நம்ம மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே தெற்கே நாஞ்சில் நாட்டுப் பக்கம், மாரை மறைத்துத் துணி போட உரிமை கேட்டு நாடார் பெண்கள் பல வருடம் போராடினார்கள். அதைத்தான் தோள்சீலைப் போராட்டம் என்கிறோம். 1859-இல் மகாராஜா மறைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது. அதாவது, தூரத்தில் நிழலைப் பார்த்தாலே இன்ன சாதி என்று தெரியணும்.

அது பழைய கதை, வேறு ராஜ்யம் என்று விட்டுவிட முடியாது. 1930 டிசம்பரில், நமக்குக் கிழக்கே இராமநாதபுரம் பகுதியில், ஆதிதிராவிட மக்கள் மேல் ஆதிக்கச் சாதிக்காரர்கள் எட்டுத் தடைகளைப் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கவும் கூடாது. மக்கள் அதற்குப் பணியவில்லை. அடுத்த வருடம் தடைகள் பதினொன்றாக ஆயின. அம்பேத்கர் இதைத் தன் எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். ஆக, அந்த ஊர்களில் ஒரு பெண் முதல்முதலாக ரவிக்கை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தது நாகரிக ஆசையால் இல்லை. அடி விழும் என்று தெரிந்தே அவள் நடந்தாள்.

இனி பாவாடையும் முன்கொசுவமும். இன்றைக்கு நாம் கட்டுகிற கட்டு தமிழ்நாட்டின் பழைய கட்டு இல்லை. வங்காளத்தில் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி, கணவர் பெரிய அரசு வேலையில் இருந்ததால் 1860-களில் பம்பாய் போனார். அங்கே பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்து, பாவாடையும் ரவிக்கையும் உள்ளே போட்டு, இடது தோளில் முந்தானை விடுகிற கட்டைத் தன் ஊருக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார். வீட்டைவிட்டு வெளியே நாலு பேர் நடுவில் போகிற பெண்ணுக்கு ஓர் உடை வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலும் டீச்சர், நர்ஸ் என்று வெளியே வேலைக்குப் போன பெண்கள் இந்த மாதிரிக் கட்டைத்தான் கட்டினார்கள். பிறகு பள்ளிக்கூடமும் சினிமாவும் அதை ஊர் ஊராகக் கொண்டுவந்தன.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. பழைய பதினெட்டு முழச் சேலை என்றால் ஒன்பது கஜம். மீட்டரில் சொன்னால் எட்டேகாலுக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது சேலை ஐந்தரை மீட்டர். பாவாடைக்கு இரண்டு மீட்டர், ரவிக்கைக்கு எண்பது சென்டிமீட்டர். கூட்டினால் எட்டேகாலுக்குக் கொஞ்சம் மேலே. துணி குறையவே இல்லை! சேலையாகச் சுற்றியிருந்த துணியில் ஒரு பங்கு வெட்டித் தைத்த துணியாக மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு விஷயம் மாறியது. ஒன்று, தையல் கூலி. அதுவரை சேலைக்கு மட்டும் காசு கொடுத்தவள், இப்போது தையல் மிஷின்காரருக்கும் கொடுக்கணும். கையில் காசுக்கூலி வாங்குகிறவளால்தான் அது முடியும். நெல்லாகக் கூலி வாங்கின வீட்டில் ரவிக்கை தாமதமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, நடை. பாவாடை நாடாவில் முன்கொசுவம் செருகினால் சேலை பாதம் வரைக்கும் இறங்கும், எட்டு வைப்பது சுருங்கும். வயல் நிழல் போய், வாசல் நிழல் வந்தது.

அதே சமயத்தில் தலைக்கு மேலேயும் நிழல் மாறியது. பெண் குழந்தைக்குக் காது குத்தி, துளையில் பஞ்சு திணித்து, பிறகு ஈயக் குணுக்கு மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் காதை வளர்த்துத்தான் தண்டட்டி போடுவார்கள். அது அலங்காரம் மட்டும் இல்லை. பெண்ணின் பெயரில் இருந்த சேமிப்பு. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், வளர்ந்த காது பட்டிக்காட்டு அடையாளமாகப் போனது. பல அப்பத்தாமார் தொங்கின காதை வெட்டித் தைத்துக் கம்மல் போட்டுக்கொண்டார்கள். தையல் போட்ட தழும்போடு இருக்கிற காதுகளை உங்களில் பலர் பார்த்திருப்பீங்க.

1960, 70-களில் நைலக்ஸ் வந்தது, பின்னாலேயே பாலியஸ்டர். நூல் சேலை கஞ்சி போட்டால் விறைத்து நிற்கும். உடம்பின் வடிவம் வெளியே தெரியாது. நைலக்ஸ் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதனால் பாவாடை கட்டாயமானது. ரவிக்கையும் உடம்போடு பொருந்தணும் என்றாகி, டாட் பிடித்தும் கிராஸ் வெட்டியும் தைக்கத் தொடங்கினார்கள். இதற்குக் காரணம் ஒய்யாரம் என்று சொல்வார்கள். வேலைக்குப் போகிற பெண்ணைக் கேட்டுப் பாருங்க. இரவில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்துவிடும், கஞ்சி வேண்டாம், வருடக்கணக்கில் கிழியாது. அவளுக்கு மிச்சமானது நேரம்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. வியர்வையை உறிஞ்சாது. அடுப்புத் தீ பிடித்தால் நூல் துணி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். கடைக்காரர் காட்டன் என்று கொடுத்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் அதில் பாலியஸ்டர் கலந்திருக்கு. சமையலறைக்கு அதைக் கட்டாதீங்க.

நூற்றாண்டின் கடைசியில் இரண்டு நிழல்கள் வந்தன. வீட்டில் நைட்டி: ஒரே துணி, நாலு தையல், இடுப்பை இறுக்காது. ரேஷன் கடைக்குப் போகும்போது மேலே ஒரு துண்டு. காட்டில் ஆம்பளைச் சட்டை. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப் ஏறி ஏலத்தோட்டம் போகிற நம்ம அக்காமார், சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை மாட்டியிருப்பதைத் தினமும் பார்க்கிறோம். செடி கீறாது, கொசு கடிக்காது, வெயில் சுடாது. சேலைக்கு இல்லாத பையும் சட்டைக்கு உண்டு. இதை ஒருத்தியும் சினிமாவில் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. பூட்டி பின்கொசுவம் கட்டினதுக்கு என்ன காரணமோ, பேத்தி சட்டை போட்டதுக்கும் அதே காரணம்தான்.

ஆனால் அந்தச் சட்டை ஆம்பளை உடம்புக்கு வெட்டினது. தோள் அகலம் அதிகம், அதனால் கைப்பகுதி கீழே இறங்கி மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும், காய் எடுக்கும்போது செடியில் மாட்டும். மார்புக்கு அளவு போதாமல் நடுப் பித்தான் விரியும். நம்ம தையல் குழுக்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். சுமார் இரண்டேகால் மீட்டர் பருத்தித் துணியில் தோளை ஒடுக்கி, மார்பில் இடம் விட்டு, சேலைக்கு மேலே நிற்கிற மாதிரி பக்கத்தில் திறப்பு வைத்து, இரண்டு பை வைத்து, பெண்களுக்கென்றே வேலைச் சட்டை தைக்கலாம். முதலில் ஒரு ஜீப்பில் போகிற அக்காமாருக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்துப் பாருங்க. ஒரு மாதம் போட்டுவிட்டு எங்கே பிரிகிறது, எங்கே இறுக்குகிறது என்று அவங்களே சொல்வாங்க. அதை வைத்து அடுத்த வெட்டைத் திருத்தலாம்.

கடைசியாக ஒன்று. சுடிதார் கேட்கிற மகளிடம் "இது நம்ம பழக்கம் இல்லை" என்று சொல்லுமுன், நாம் போட்டிருக்கிற ரவிக்கையும் ஒரு காலத்தில் யாருக்கோ மறுக்கப்பட்டதுதான் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்க. அவள் சைக்கிள் மிதிக்கணும், பஸ் ஏறி ஓடணும். அதற்குத் தோதான துணியைத்தான் அவளும் கேட்கிறாள்.