இரண்டு மெஷின், ஒரு அட்டவணை: எஃப் சோதனை வந்த வழி

பரவையிலிருந்து ஒரு மாணவி, வினாத்தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஒரு பட்டறையில் இரண்டு மெஷின்கள் ஒரே அளவு இரும்பு முளைகளை வெட்டுகின்றன. முதல் மெஷினில் 10 முளைகளை அளந்தால் திட்ட விலக்கம் 0.06 மில்லிமீட்டர். இரண்டாவதில் 8 முளைகள், 0.03 மில்லிமீட்டர். இரண்டின் துல்லியத்தையும் ஒப்பிடச் சொல்கிறது கேள்வி. கடைசி வரியில் பாதி நிழலில் மறைந்திருக்கிறது. அந்த வரிக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், விடை பார்க்கிற அட்டவணை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர், 1924-இல் டொரோன்டோவில் நடந்த கணித மாநாட்டில், இரண்டு பரவற்படிகளை ஒப்பிடும் முறையை முன்வைத்தார். ஆனால் ஒன்றை மற்றொன்றால் வகுத்து அப்படியே நிறுத்தவில்லை. அந்த விகிதத்தின் இயல் மடக்கையில் பாதியை எடுத்து, அதற்கு இசட் என்று பெயர் வைத்தார். 1925-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருந்ததும் இசட் அட்டவணைதான்.

நம் கணக்கை அந்தக் காலத்து முறையில் போட்டுப் பார்ப்போம். 0.06-இன் வர்க்கம் 0.0036, 0.03-இன் வர்க்கம் 0.0009. வகுத்தால் 4. அதன் இயல் மடக்கை 1.386, பாதி 0.693. இதை அட்டவணையில் இருக்கும் 0.65 என்ற எல்லையோடு ஒப்பிட வேண்டும். கால்குலேட்டர் இல்லாத நாளில், வயலில் நெல் விளைச்சலைக் கணக்கிடும் ஒருவர் ஒவ்வொரு முறையும் மடக்கைப் புத்தகத்தைப் புரட்டியாக வேண்டும்.

அந்தச் சுமையை இறக்கி வைத்தவர் நம் நாட்டுக்காரர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவர் 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, வேளாண் பணியாளர்களுக்கான குறிப்புகளில் ஒன்றாக, மடக்கை தேவைப்படாமல் விகிதத்தையே நேராகப் பார்க்கும் அட்டவணைகளை இந்திய வேளாண் அறிவியல் இதழில் வெளியிட்டார். 1934-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஜார்ஜ் ஸ்னெடெகரும் விகிதத்தையே அட்டவணையாக்கி, ஃபிஷரின் முதல் எழுத்தைக் கொண்டு எஃப் என்று பெயரிட்டார். பெயர் அமெரிக்காவிலிருந்து வந்து நிலைத்துவிட்டது. இரண்டு ஆண்டு முன்பே கல்கத்தாவில் அந்த வேலை நடந்ததை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியாவது சொல்லலாம் என்பது என் ஆதங்கம்.

இனி விடைக்கு வருவோம். நம் விகிதம் 4. திட்ட விலக்கத்தை வர்க்கமாக்காமல் வகுத்து 2 என்று எழுதினால் கணக்கு அங்கேயே போச்சு. மேலே இருப்பது 10 முளைகள், ஒன்று குறைத்தால் 9. கீழே 8, ஒன்று குறைத்தால் 7. அட்டவணையில் 9, 7 என்ற வரிசையில்தான் பார்க்க வேண்டும். மாற்றி 7, 9 என்று பார்த்தால் வேறு எண் வரும்.

5 சதவீத அட்டவணையில் 9, 7-க்கு 3.68. நம் 4 அதைத் தாண்டுகிறது. அப்படியானால் வேறுபாடு உண்டு என்று எழுதிவிடலாமா? இங்கேதான் அந்த நிழல் விழுந்த வரி வேண்டும். "இரண்டாவது மெஷின் கூடுதல் துல்லியமானதா" என்று முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்து கேட்டிருந்தால் 3.68 சரி. "வேறுபடுகின்றனவா" என்று மட்டும் கேட்டிருந்தால், எந்த மெஷினும் பெரிதாக வந்திருக்கலாம். எது பெரிதோ அதை மேலே போட்டது நாம்தான். ஆகவே 5 சதவீதத்தை இரண்டாகப் பிரித்து 2.5 சதவீத அட்டவணைக்குப் போக வேண்டும். அங்கே எல்லை 4.82. நம் 4 அதற்குள் அடங்கிவிடுகிறது, வேறுபாடு நிரூபணமாகவில்லை. எண்கள் அதேதான், கேள்வி மாறியதால் விடையும் மாறுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அளவுகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும். அந்த நிபந்தனை தவறினால் சோதனை எவ்வளவு எளிதில் வழுக்கும் என்பதை 1953-இல் புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ் காட்டினார். நம் எண்களிலேயே பாருங்கள். முதல் மெஷினின் பத்து அளவுகளில் ஒன்று மட்டும் சராசரியிலிருந்து 0.15 மில்லிமீட்டர் விலகியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். முளையின் ஓரத்தில் பிசிறு ஒட்டியிருந்து, காலிப்பர் அதன்மேல் உட்கார்ந்தால் போதும், இப்படி ஆகும். அந்த ஒன்றை நீக்கிவிட்டு மீதி ஒன்பதுக்குக் கணக்கிட்டால் பரவற்படி 0.0036-லிருந்து 0.0009 அளவுக்கு இறங்குகிறது. விகிதம் 4 இல்லை, ஏறக்குறைய 1. அதாவது வித்தியாசம் மெஷினில் இல்லை, ஒரே ஒரு முளையில் இருந்தது.

அதற்காக, பிடிக்காத எண்ணை எல்லாம் தூக்கிப்போடக் கூடாது. அந்த முளையை எடுத்து மறுபடி அளக்க வேண்டும். பிசிறு இல்லாமலே அந்த விலகல் வந்தால் அது மெஷினின் குணம், கணக்கில் இருக்கத்தான் வேண்டும். தேர்வுத்தாளில் திட்ட விலக்கம் மட்டும் கொடுத்திருப்பதால் இதைச் சோதிக்க வழியில்லை. பட்டறையில் இதே கேள்வி வந்தால், பதினெட்டு அளவுகளையும் எழுதிய தாளை முதலில் கேட்டு வாங்குங்கள்.