கொடுத்த பணம் கணக்கில் ஏறியதா?



தஞ்சோங் டாவாய், செமிலிங், பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் காப்புறுதி எடுக்காத குடும்பம் இன்று குறைவு. பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் காப்புறுதிக் கடிதங்களையும் ரசீதுகளையும் படித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஏஜெண்டிடம் பணம் கொடுத்தீர்கள், சரி. அந்தப் பணம் நிறுவனத்தின் கணக்கில் ஏறியதா?" பெரும்பாலும் வருகிற பதில், "ரசீது இருக்கிறதே, சார்" என்பதுதான். ரசீது இருப்பதும் காப்புறுதி இருப்பதும் ஒன்றல்ல. அது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இந்தியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1986-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒருவர் அந்நாட்டு ஆயுள் காப்புறுதிக் கழகத்தில் நான்கு பாலிசிகள் எடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டணம் செலுத்த வேண்டும். 1987 மார்ச்சில் கட்ட வேண்டிய தவணை தவறிப் போயிற்று. தவணைக்குமேல் கொடுக்கப்படும் சலுகை நாட்களும் கடந்தன. ஜூன் 4-ஆம் தேதி ஏஜெண்டு வந்து, நான்கு பாலிசிகளுக்குமாக 2,730 ரூபாய்க்கு ஒரு காசோலையை வாங்கிச் சென்றார். மறுநாளே ஏஜெண்டின் மகன் அதை வங்கியில் மாற்றிக்கொண்டார். ஆனால் அந்தப் பணம் கழகத்துக்குக் கட்டப்பட்டது ஆகஸ்ட் 10-ஆம் தேதி. அதற்கு ஒரு நாள் முன்பு, ஆகஸ்ட் 9-ஆம் தேதி, பாலிசி எடுத்தவர் விபத்தில் சிக்கி மாண்டுபோனார்.

குடும்பத்தார் இழப்பீடு கேட்டார்கள். பாலிசி முன்பே காலாவதியாகிவிட்டது என்று கழகம் மறுத்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1997-இல் தீர்ப்பு வந்தது. பணம் வசூலிக்கும் அதிகாரத்தைக் கழகத்தின் விதிகள் ஏஜெண்டுக்குக் கொடுக்கவில்லை. ஆகவே ஏஜெண்டிடம் கொடுத்தது கழகத்திடம் கொடுத்ததாகாது என்று நீதிமன்றம் கூறியது. காப்புறுதித் தொகை குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? ஜூன் 4-க்கும் ஆகஸ்ட் 9-க்கும் இடையே இரண்டு மாதம் இருந்தது. அந்த நாட்களில் யாராவது கழகத்தின் அலுவலகத்துக்குப் போய், "எங்கள் பாலிசிக்குக் கடைசியாகப் பணம் வந்தது எப்போது?" என்று கேட்டிருந்தால், மார்ச் தவணை வரவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

நம் நாட்டுச் சட்டமும் விதிகளும் இந்தியாவினுடையவை அல்ல. நிறுவனத்தின் அதிகாரம் பெற்ற ஏஜெண்டு முறையான ரசீது கொடுத்துப் பணம் வாங்கியிருந்தால், நிறுவனத்தைப் பொறுப்பேற்கும்படி கேட்க நமக்கு இடம் உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாதாடும் வேலை, வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய மனைவியின் தலையில் விழக் கூடாது. அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

காப்புறுதியில் பணம் எப்படி நகர்கிறது என்று இப்போது பார்ப்போம். முதலில் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்திட்டு, முதல் கட்டணத்தைக் கொடுக்கிறோம். இது நம்முடைய வேண்டுகோள் மட்டுமே. நிறுவனம் வயதையும் உடல்நிலையையும் ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளலாம், மருத்துவச் சோதனை கேட்கலாம், மறுத்தும் விடலாம். அதுவரை, பணம் நிறுவனத்துக்குப் போயிருந்தால்கூட, தனியாக நிறுத்தி வைத்த கணக்கில்தான் இருக்கும். ஏற்றுக்கொண்ட பிறகே பாலிசி எண் பிறக்கிறது; பாலிசிப் பத்திரம் வருகிறது. ஆகவே முதல் கட்டணம் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பத்திரமோ கடிதமோ வரவில்லை என்றால், ஏஜெண்டின் வருகைக்குக் காத்திராமல் நாமே விசாரிக்க வேண்டும்.

எங்கே விசாரிப்பது? நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில், அல்லது அதன் வாடிக்கையாளர் பிரிவுக்குத் தொலைபேசி மூலம். ஆனால் அந்தத் தொலைபேசி எண்ணை ஏஜெண்டின் அட்டையிலிருந்து எடுக்காதீர்கள். அந்த எண்ணில் பேசுகிறவர் ஏஜெண்டின் கூட்டாளியாகவும் இருக்கலாம். நிறுவனத்தின் சொந்த இணையத் தளத்திலிருந்து எடுங்கள். உரிமம் பெற்ற காப்புறுதி நிறுவனங்களின் பட்டியலை பேங்க் நெகாரா வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் பெயரே இல்லை என்றால் விசாரணை அங்கேயே முடிந்தது. அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள்.

பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவரே தம் அடையாள அட்டையோடு போக வேண்டும். கணவர் பெயரிலுள்ள பாலிசியைப் பற்றி மனைவி கேட்டால் நிறுவனம் சொல்லாது. அது நம் விவரங்களைக் காக்கும் விதி, கோபப்பட வேண்டாம். கணவரால் போக முடியாவிட்டால், யாரிடம் சொல்லலாம் என்று அவர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கிற முறையும் முக்கியம். "இந்த பாலிசி எண் இருக்கிறதா?" என்று தொடங்காதீர்கள். ஏஜெண்டு எழுதிக் கொடுத்த எண் வேறொருவருடைய உண்மையான பாலிசியாக இருக்கலாம். "ஆம், இருக்கிறது" என்ற பதிலைக் கேட்டு நாம் ஏமாந்து திரும்பிவிடுவோம். "என் அடையாள அட்டை எண்ணின்கீழ் என்னென்ன பாலிசிகள் இருக்கின்றன?" என்று கேளுங்கள். அப்போது உங்கள் பெயரில் உண்மையாக இருப்பது மட்டுமே திரையில் வரும்.

அதன்பின் நான்கு விவரங்கள் போதும். பாலிசி அமலில் இருக்கிறதா, காலாவதியா, அல்லது இன்னும் விண்ணப்பமாகவே கிடக்கிறதா? கடைசியாகப் பணம் வந்தது எந்தத் தேதி, எவ்வளவு? எந்தத் தேதிவரை கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது? பதிவில் உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணும் யாருடையவை? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பணத்தைக் கையாடுகிற ஏஜெண்டு தன் முகவரியையே எழுதி வைத்திருந்தால், நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதங்கள் உங்கள் லயத்துக்கு ஒருநாளும் வந்து சேரா. கேட்டறிந்த பிறகு, இதுவரை வந்த கட்டணங்களின் விவரத்தை அச்சிட்ட தாளாகக் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். செம்பனை வெட்டும் தொழிலாளி ஒருவர் மாதம் 90 வெள்ளிக்கு ஆயுள் காப்புறுதி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாலிசி ஜனவரி 20-இல் தொடங்குகிறது. ஜனவரி முதல் ஜூன்வரை ஏஜெண்டிடம் ஆறு முறை ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். ஆறு ரசீதுகள், மொத்தம் 540 வெள்ளி. ஜூலையில் மனைவியையும் அழைத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போய்க் கட்டண விவரத் தாளை வாங்குகிறார். அதில் மூன்று வரிகள்தாம் இருக்கின்றன: ஜனவரி 90, பிப்ரவரி 90, மார்ச் 90. மொத்தம் 270 வெள்ளி. ஏப்ரல் 20 வரைதான் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது. அதன்பின் 30 நாள் சலுகைக் காலம். அது மே 20-இல் முடிந்தது. நிலை என்ற இடத்தில் 'லேப்ஸ்', அதாவது காலாவதி என்று இருக்கிறது.

கையில் 540 வெள்ளிக்கு ரசீது. நிறுவனத்தின் பதிவில் 270 வெள்ளி. மீதி 270 வெள்ளி வழியில் எங்கோ நின்றுவிட்டது. ஆனால் இழப்பு 270 வெள்ளி மட்டுமல்ல. மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ அவருக்கு ஏதாவது நேர்ந்திருந்தால், அந்தப் பதிவின்படி குடும்பத்துக்கு எதுவும் இல்லை. ஆறு மாதமே ஆன பாலிசியில் சேமிப்புத் தொகை என்றும் ஒன்று இருக்காது.

வேறுபாடு தெரிந்தால் என்ன செய்வது? ரசீதுகளை ஏஜெண்டிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். "சரிபார்த்துத் தருகிறேன்" என்று அவர் கேட்டாலும் நகலைத்தான் கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள்: எந்தத் தேதியில், எவ்வளவு, எந்த எண்ணுள்ள ரசீது, யார் கையில் கொடுத்தோம். ரசீதுகளின் நகலை இணைத்து, உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதே போலி என்றால் காவல் நிலையத்திலும் புகார் செய்ய வேண்டும்.

இன்னொன்று. அலுவலகத்தில் பாலிசியைப் புதுப்பிக்க ஒரு பாரத்தை நீட்டக்கூடும். அதில் கையெழுத்திட்டால் பாலிசி காலாவதியானது என்பதை நாமே ஒப்புக்கொண்டதாகப் பின்னால் சொல்ல இடமுண்டு. உடல்நிலையைப் பற்றிப் புதிதாக அறிவிக்கவும் வேண்டியிருக்கலாம். ஆகவே முதலில் புகாரைக் கொடுத்து, ரசீதுப்படி பதிவைத் திருத்தக் கேளுங்கள். பாதுகாப்பு இல்லாமல் இருக்க முடியாது என்று புதுப்பிக்க நேர்ந்தால், பழைய புகாரைக் கைவிடவில்லை என்று பாரத்தோடு எழுதிக் கொடுங்கள்.

நிறுவனத்தின் பதில் திருப்தி தராவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் கேட்கலாம். இத்தகைய தகராறுகளைத் தீர்ப்பதற்கென்று நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவை என்ற அமைப்பும் 2025 ஜனவரி முதல் இயங்குகிறது. அங்கே போகுமுன் நிறுவனத்திடம் புகார் செய்திருக்க வேண்டும்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பதிவைப் பார்த்தால் பாலிசி இருக்கிறதா, பணம் ஏறியதா என்பது தெரியும். எந்த நோய்க்கு உண்டு, எதற்கு இல்லை என்பது பத்திரத்தில்தான் இருக்கும். ஆயுள் பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்க உரிமை உண்டு. அந்த நாட்களுக்குள், படிக்கத் தெரிந்த பிள்ளையை அருகில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஏஜெண்டுகள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. மழையிலும் தோட்டத்துக்கு வந்து நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் நிறைய உண்டு. நேர்மையானவர் நாம் அலுவலகத்தில் கேட்பதைக் குறையாக நினைக்க மாட்டார். கட்டணத்தை அவர் கையில் கொடுப்பதைவிட நிறுவனத்தின் பெயருக்கே வங்கி மூலம் கட்டுவது மேல். அப்படிக் கட்டினாலும், சில வேலை நாட்கள் கழித்துப் பதிவில் ஏறியதா என்று பாருங்கள். ஆண்டுக்கு இரு முறை, சம்பள நாளை அடுத்த வாரத்தில், சுங்கைப் பட்டாணிக்குச் சாமான் வாங்கப் போகும்போது அடையாள அட்டையையும் ரசீதுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அரை மணி நேர வேலைதான்.