உப்பு சுமப்பவள் எந்தக் கட்டத்தில் வருகிறாள்?



சாவித்திரிபாய் பூலே நினைவுரையைச் சென்னையில் ஓர் அரங்கில் வைக்காமல் கீழ்புத்துப்பட்டில் வைப்போம் என்று நம் மன்றம் முடிவு செய்தபோது, என்ன பேசுவது என்ற கேள்வி எழவில்லை. சாவித்திரிபாய் 1848-இல் புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவரிடம் படித்த முக்தா சால்வே, மாங் சாதியைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமி, மாங், மகார் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 1855-இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. தனக்கென்று ஒரு புத்தகம் இல்லாத மக்களைப் பற்றி அந்தப் பிள்ளை எழுதினாள். இன்று நம் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகப் புத்தகம் தருகிறது. அந்தப் புத்தகத்தின் படத்திலும் பாடத்திலும் பெண்பிள்ளை எங்கே இருக்கிறாள், ஆண்பிள்ளை எங்கே இருக்கிறான், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

'எங்கே பார்த்தாலும் ஆண்பிள்ளை படம்தான்' என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். அது மேடையில் கைதட்டல் வாங்கும்; பாடநூல் குழுவின் முன்னால் நிற்காது. 'இல்லையே, பதினேழாம் பக்கத்தில் பெண் விமானி இருக்கிறாரே' என்று ஒருவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினால் நம் வாதம் முடிந்துபோகும். அதனால்தான் சமூகவியலில் எண்ணுகிறார்கள். உள்ளடக்கப் பகுப்பாய்வு என்று அதற்குப் பெயர். என்ன எண்ணப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒன்றையும் விடாமல் எண்ணுவதுதான் அது. பிடித்த பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது, பிடிக்காத பக்கத்தைத் தாண்டவும் முடியாது.

1972-இல் அமெரிக்காவில் லெனோர் வைட்ஸ்மன் என்ற சமூகவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் பரிசு பெற்ற குழந்தைப் படப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு தலையை எண்ணினார்கள். ஆண் படங்கள் 261, பெண் படங்கள் 23. அந்த எண்ணுக்கு முன்னால் யாரும் வாதம் செய்ய முடியவில்லை. இந்தியாவில் நரேந்திரநாத் காலியா இந்தி, ஆங்கிலப் பாடநூல்கள் நாற்பத்தொன்றை எடுத்து ஆராய்ந்து 1979-இல் நூலாக்கினார். 1986 தேசியக் கல்விக் கொள்கை, பெண்களின் நிலையை மாற்றப் பாடநூல்களைத் திருத்தி அமைத்துப் புதிய மதிப்புகளை வளர்க்க வேண்டும் என்று எழுதியது. அதன் பிறகு புத்தகங்கள் மாறத் தொடங்கின. தலை எண்ணிக்கையும் கூடியது. நமக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த உரைக்கு முன்பாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்தோம். அச்சான புத்தகத்தை எடுப்பதற்கு முன் பழகிக்கொள்ள, ஒரு பாடநூல் பக்கத்தை நாமே இட்டுக்கட்டி வரைந்தோம். தலைப்பு 'நமது ஊரின் தொழில்'. முன்னால் உப்புப் பாத்தியில் பலகையால் உப்பை வாரிக்கொண்டு ஒருவர் நிற்கிறார், பெயர் முருகன். அருகில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு சிறுவன், பெயர் கவின். 'மாமா, உப்பு எப்படி விளைகிறது?' என்று கேட்கிறான், முருகன் விளக்குகிறார். சற்றுத் தள்ளி ஜீப்பிலிருந்து கோப்புடன் ஒரு பெண் அதிகாரி இறங்குகிறார், பெயர் கலைச்செல்வி. பின்னால் வரப்பின் மேல் வரிசையாக நான்கு உருவங்கள், தலையில் உப்புக் கூடை. மூன்று பேர் புடவையில். நான்காவது மிகச் சிறியது, ஆணா பெண்ணா தெரியவில்லை. படத்தின் கீழே ஒரு வரி: 'உப்பளத் தொழிலாளர்கள் கடுமையாக உழைக்கிறார்கள்.'

இப்போது எண்ணுவோம். மொத்தம் ஏழு உருவம். பெண் நான்கு, ஆண் இரண்டு, தெரியாதது ஒன்று. வைட்ஸ்மன் முறையில் மட்டும் எண்ணினால் இது பெண்களுக்கு மிகவும் சாதகமான பக்கம்! பாடநூல் குழு இதைத் தாராளமாகச் சான்றாகக் காட்டலாம்.

அடுத்த கட்டங்களைப் போட்டோம். பெயர் யாருக்கு? முருகன், கவின், கலைச்செல்வி. பேசுவது யார்? முருகனும் கவினும். முகம் தெரிவது யாருக்கு? முன்னால் உள்ள மூவருக்கு மட்டும். வயதைப் பிரித்தால் பெண்பிள்ளை ஒருத்தியும் இல்லை. கேள்வி கேட்கும் பிள்ளை ஆண்பிள்ளை. உப்புத் தொழில் தெரிந்தவராக யார் காட்டப்படுகிறார்? முருகன். சுமக்கும் மூன்று பெண்களுக்கும் பெயர், பேச்சு, முகம், தொழிலறிவு என்ற நான்கு கட்டத்திலும் சுழி. இந்த ஊரில் வாரிய உப்பைப் பாத்தியிலிருந்து குவியலுக்கு வரப்பு வழியாகக் கொண்டுபோய்க் கொட்டுவது யார் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நான்காவது உருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணும்போது இருவர் தனித்தனியாக எண்ணிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும் என்பது விதி. ஒருவர் அதைப் 'பெண்' என்று போட்டிருந்தார், மற்றவர் 'தெரியாது' என்று. ஏன் பெண் என்று கேட்டோம். 'கூடை தூக்கினா பொம்பளதானே' என்று பதில் வந்தது. நியாயமான பதில்தான், ஆனால் ஏற்க முடியாது. உடை, முடி, பெயர், பாடத்தில் உள்ள உறவுச்சொல் இவற்றைக் கொண்டுதான் பாலைக் குறிக்க வேண்டும். செய்யும் வேலையைக் கொண்டு குறிக்கக் கூடாது. வேலையைக் கொண்டு குறித்துவிட்டு, கடைசியில் 'பெண்கள் எல்லாரும் கூடை தூக்குவதாகவே காட்டப்பட்டிருக்கிறார்கள்' என்று முடிவு எழுதினால், நாம் போட்டதையே நாம் எடுத்ததாக ஆகிவிடும். இருவர் கணக்கும் எங்கெங்கே பிரிகிறது என்று பார்த்தால் விதி எங்கே தெளிவில்லை என்பது தெரிந்துவிடும். விதியைத் திருத்திவிட்டு மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டும். அலுப்பான வேலை.

படத்தையும் பாடத்தையும் தனித்தனித் தாளில் எண்ண வேண்டும் என்பதற்குத் தமிழில் ஒரு தனிக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ஒருமையில் எழுதினால் சுட்டுப்பெயரே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். நம் மொழியில் 'வந்தான்', 'வந்தாள்' காட்டிக்கொடுக்கும், 'வந்தார்' காட்டிக்கொடுக்காது. மருத்துவர், ஆசிரியர், உழவர், தொழிலாளர் என்று பாடநூல் தமிழ் மரியாதையோடு எழுதும்போது எழுத்தில் பால் மறைந்துவிடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல விஷயம். ஆனால் 'உழவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஆண் படம் இருந்தால், பிள்ளை அந்தச் சொல்லை ஆணாகவே படிக்கும். மொழி திறந்துவைத்த கதவைப் படம் சாத்துகிறது. இதன் மறுபக்கமும் உண்டு: ஒரே பாடத்தில் அப்பாவுக்கு 'ஆர்' போட்டு அம்மாவுக்கு 'ஆள்' போட்டிருக்கிறதா என்பதற்கு ஒரு கட்டம் வைக்கலாம். அதைவிட முக்கியம், அந்த 'ஆள்' எந்தப் பெண்ணுக்கு வருகிறது என்பது. அதிகாரி வந்தார், ஆசிரியை வந்தார், வேலைக்காரி வந்தாள் என்று எழுதியிருந்தால் அங்கே எண்ண வேண்டியது பாலை மட்டுமல்ல.

படம் எப்படிக் கதவைச் சாத்துகிறது என்பதற்குப் பாடநூலிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2005 கலைத்திட்டத்துக்குப் பின் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஏழாம் வகுப்பு 'சமூக, அரசியல் வாழ்க்கை' நூலில் பெண்கள் பற்றிய ஒரு பாடம். முப்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் உழவர், செவிலியர், ஆசிரியர், விமானி முதலியோரை வரையச் சொன்னதாக ஓர் அட்டவணை அதில் வருகிறது. செவிலியரை முப்பது பேரும் பெண்ணாக வரைந்தார்கள். உழவரை முப்பது பேரும் ஆணாக வரைந்தார்கள். அதே பாடம் அடுத்ததாகச் சொல்கிறது: இந்தியாவில் வேலை செய்யும் பெண்களில் 83.6 விழுக்காட்டினர் விவசாய வேலையில் இருக்கிறார்கள். நல்ல பாடம், எழுதியவர்களுக்கு நன்றி. ஆனால் அது அங்கிருந்து நகர்ந்து, ரயில் ஓட்டும் பெண்ணின் கதைக்குப் போகிறது. லட்சுமி லக்ரா ஜார்க்கண்டின் பழங்குடிக் குடும்பத்துப் பெண், அவர் கதை வரத்தான் வேண்டும். நம் கேள்வி வேறு. அந்த 83.6 விழுக்காட்டில் ஒருத்திக்கு ஏன் பெயரும் கதையும் இல்லை? ஆண்கள் மட்டும் செய்துவந்த வேலைக்குள் நுழைந்தால்தான் பெண் பாடமாகிறாள். காலம் காலமாகச் செய்துவரும் வேலையில் இருப்பவள் புள்ளிவிவரமாகிறாள்.

2024-இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்பு மலையாளப் பாடநூலில் அப்பா சமையலறையில் தேங்காய் துருவும் படம் வந்தது. 2019-இல் மகாராட்டிரத்தின் இரண்டாம் வகுப்பு நூலில் ஆணும் பெண்ணும் வீட்டுவேலையைப் பகிர்ந்து செய்யும் படங்கள் வந்தன. நாடே பேசியது, நாமும் மகிழ்ந்தோம். இங்கே பிள்ளைகளிடம் தேங்காய் துருவும் படத்தைப் பற்றிச் சொன்னபோது ஒரு சிறுமி, 'அந்த அம்மா வேலைக்குப் போவாங்களா?' என்று கேட்டாள். அவள் அம்மா விடியுமுன் சோறாக்கி வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போகிறவர். அப்பா வெளியில், அம்மா வீட்டில் என்ற படம் எல்லாத் தமிழ்க் குடும்பத்தின் படம் அல்ல. கூலிக்குப் போகாமல் பெண் வீட்டில் இருக்க வசதியும் சாதியும் இடம் கொடுத்த குடும்பத்தின் படம் அது. அதை எல்லாருக்குமான குடும்பமாக முதலில் வரைந்தார்கள். இப்போது அதையே திருத்தி வரைகிறார்கள். நம் அம்மாக்கள் அந்த முதல் படத்திலும் இல்லை, திருத்திய படத்திலும் இல்லை.

அப்படியானால் சாதிக்கும் ஒரு கட்டம் போடலாமே என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்துத் தோற்றோம். படத்தில் உள்ளவர் தலித் என்று எதைக் கொண்டு குறிப்பது? தோல் நிறத்தைக் கொண்டு என்று ஒரு தோழர் சொன்னார். அந்தக் கட்டத்தைப் போட்ட அன்றே, நாம் எதிர்க்கும் பார்வையை நாமே அச்சடித்தவர்களாவோம். அதனால் பார்த்தவுடன் எல்லாரும் ஒப்புக்கொள்ளக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டோம். காலில் செருப்பு இருக்கிறதா? உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா, குனிந்திருக்கிறாரா? வீடு என்ன வீடு? கையில் இருப்பது புத்தகமா, கருவியா, சுமையா? இவற்றைப் பெண், ஆண் கட்டங்களோடு குறுக்காக வைத்தால் சாதியின் பெயரை எழுதாமலே அதன் தடம் தெரிகிறது. நம் பயிற்சிப் பக்கத்தில் புத்தகமும் கோப்பும் வைத்திருப்பவர்கள் செருப்போடு நிற்கிறார்கள், மற்றவர்கள் வெறுங்காலில். வரைந்தவர்கள் நாம்தான். யாரும் அப்படி வரையச் சொல்லவில்லை.

இந்த முறையால் முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லும். பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று சொல்லாது. அதற்குப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். இரண்டாம் ஞாயிறன்று, அவரவர் அம்மா வேலை செய்வதை வரையச் சொன்னோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கூடைக்குக் கீழே முகமே இல்லாமல் வரைந்திருந்தாள். ஏன் முகம் இல்லை என்றோம். 'சும தலமேல இருந்தா குனிஞ்சுதான் நடப்பாங்க, மொகம் தெரியாதுக்கா' என்றாள். அவள் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறாள். நம் தாளில் அதற்கு விழுவது சுழி. அந்தத் தாளை என்ன செய்வதென்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் இன்னொரு பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது கூடை உப்புக் குவியலின் ஓரம் தரையில் கிடந்தது. அம்மா நிமிர்ந்து நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெயரும் எழுதியிருந்தது.

அந்த இரண்டு தாள்களும் வாசலில் ஒட்டப்பட்டிருக்கின்றன. எண்ணும் தாளின் நகல்கள் மேசையில் உள்ளன. ஆளுக்கு இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று உங்களோடு சேர்ந்து எண்ணப்போகிறவருக்கு.