மூர்காக் கப்பலும் 92ஆம் பிரிவும்



இந்த நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களில் ஒருவர் என் ஆசிரியர். அவர் இப்போது முன்வரிசையில், திறந்த பேனாவோடு, குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி சொல்லும்போதே கொஞ்சம் உதறலும் இருக்கிறது என்பதை மறைப்பானேன்.

அழைப்பிதழில் அச்சிட்டிருக்கும் தலைப்பு, எழுதப்பட்ட ஒப்பந்தம் வாய்மூடி இருக்கும் இடத்தில் நீதிமன்றம் என்ன செய்ய வேண்டும் என்பது. சட்டமே சேர்த்துவிடும் நிபந்தனைகள், ஒப்பந்தம் செய்த இருவரின் நோக்கத்திலிருந்து தருவிக்கப்படும் நிபந்தனைகள், தொழில் வழக்கத்தால் வந்து ஒட்டிக்கொள்பவை என்று மூன்று வகை உண்டு. அதை இந்த அவையில் விளக்கப் புகுந்தால் பாதிப் பேர் தேநீருக்கு எழுந்து போய்விடுவீர்கள். 2009இல் பெலிஸ் டெலிகாம் வழக்கில் ஹாஃப்மன் பிரபு, உட்கிடை நிபந்தனையைச் சேர்ப்பதும் ஒப்பந்தத்துக்குப் பொருள் காண்பதும் ஒரே வேலைதான் என்றார். 2015இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் வழக்கில் நியூபெர்கர் பிரபு அதற்குக் கடிவாளம் போட்டார். அதைப் பற்றிப் பிற்பகலில் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் மூன்றாவது வகையிடம் போகிறேன். நம் துறையில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அங்கே போவதற்கு முன் மூர்காக் வழக்கில் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். தேம்ஸ் கரையில் ஒரு படகுத்துறை. மூர்காக் என்ற நீராவிக் கப்பல் அதை ஒட்டி நின்று சரக்கு இறக்கி ஏற்றுவதாக 1887 நவம்பரில் ஏற்பாடு. துறையில் நிற்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பாரந்தூக்கிகளின் வாடகையிலும் கரையேறும் சரக்கின் கட்டணத்திலும்தான் துறைக்காரர்களுக்கு வருமானம். ஓதம் வடிந்தால் கப்பல் தரைதட்டி நிற்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆற்றுப்படுகை துறைக்காரர்களுடையது அல்ல, அது தேம்ஸ் நதிக் காப்பாளர்களின் பொறுப்பில் இருந்தது. நீர் வடிந்தபோது கப்பல் கெட்டியான மேட்டில் உட்கார்ந்து சேதமானது. படுகை எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

1889இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கப்பல்காரர் வென்றார். வணிக ஏற்பாடு வணிகமாக நடக்க எது தேவையோ அது உட்கிடையாக இருக்கிறது என்று நீதிபதி போவன் சொன்னதை நாம் எல்லோரும் வகுப்பில் சொல்கிறோம். அந்த நிபந்தனை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். படுகை பாதுகாப்பானது என்ற உறுதிமொழியை நீதிமன்றம் சேர்க்கவில்லை. படுகையின் நிலையை நியாயமான கவனத்தோடு விசாரித்திருக்க வேண்டும், அதை மட்டுமே சேர்த்தது. அடுத்தவர் கையில் இருக்கும் படுகைக்கு ஒருவர் எப்படி ஜாமீன் நிற்பார்? இடைவெளி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். அதை எந்த அளவுக்கு நிரப்புவது என்பதுதான் கடினம். போவன் அளவைத் தம் அனுபவத்திலிருந்து எடுத்தார், பொருத்தமாகவும் எடுத்தார். எல்லா நீதிபதியும் போவன் ஆக முடியுமா?

பின்னால் வந்தவை எல்லாம் இடைவெளி இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கான கருவிகள். 1939இல் ஷர்லா வழக்கில் நீதிபதி மெக்கின்னன் கொண்டுவந்த வழிப்போக்கர், பேரம் பேசும் இருவருக்கு நடுவே மூக்கை நுழைத்து, “இதையும் எழுதிக்கொள்ளுங்களேன்” என்பார். இருவரும் எரிச்சலோடு, “அது சொல்லித்தான் தெரிய வேண்டுமா?” என்பார்கள். 1977இல் பிபி சுத்திகரிப்பாலை வழக்கில் பிரிவி கவுன்சில் ஐந்து சோதனைகளை அடுக்கியது. சேர்க்கும் நிபந்தனை நியாயமானதாக இருக்க வேண்டும், ஒப்பந்தம் நடைபெற அவசியமானதாக இருக்க வேண்டும், சொல்லாமலே விளங்க வேண்டும், தெளிவாக எழுதத்தக்கதாக இருக்க வேண்டும், எழுதியிருப்பதோடு முரண்படக் கூடாது.

நம் உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் நபா பவர் வழக்கில் இந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டது. பஞ்சாபில் ஒரு அனல்மின் நிலையம், நிலக்கரியைக் கழுவும் செலவை மின் கட்டணத்தில் சேர்க்கலாமா என்ற சண்டை. நிலையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து வணிக வழக்குகளின் எழுத்துப்பூர்வ வாதங்களில் இந்த ஐந்தும் மந்திரம்போல் வருகின்றன. அந்தத் தீர்ப்பின் கடைசிப் பகுதியைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். தாங்கள் எந்த உட்கிடை நிபந்தனையையும் சேர்க்கவில்லை, கட்டணச் சூத்திரத்தில் எழுதியிருந்ததை எழுதியபடியே படித்தோம் என்று நீதிபதிகளே சொல்கிறார்கள். வணிக நீதிமன்றங்கள் உட்கிடையைத் தேடிப் போகக் கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. எந்தத் தீர்ப்பை உட்கிடைக்கு ஆதாரமாகக் காட்டுகிறோமோ அந்தத் தீர்ப்பு உட்கிடையைப் பயன்படுத்தவே இல்லை. இதை நான் ஒரு கட்டுரையில் சொன்னபோது, மரியாதைக்குரிய நண்பர் ஒருவர், “ஐயா தீர்ப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்” என்று மறுமொழி எழுதினார். தீர்ப்பின் முடிவு வாலில்தான் இருக்கிறது என்பதை அன்போடு அவருக்கு நினைவூட்டுகிறேன்.

அதே நண்பர், நான் இப்போது சொல்லப்போகும் சட்டப்பிரிவை அருங்காட்சியகப் பொருள் என்றும் எழுதியிருந்தார். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, ஐந்தாம் வரம்புரை. இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 95ஆம் பிரிவு. எழுதிய ஒப்பந்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வாய்மொழிச் சாட்சியம் கூடாது என்பது பொதுவிதி. அந்த வகை ஒப்பந்தங்களோடு வழக்கமாக ஒட்டிவரும் அம்சங்களை, எழுதியிருப்பதற்கு முரணாக இல்லாத வரை, தொழில் வழக்கத்தைக் காட்டி நிரூபிக்கலாம் என்பது விலக்கு. அதே ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் முதல் பிரிவிலேயே வணிக வழக்கங்களைத் தொடாமல் விட்டிருக்கிறது. சாட்சியச் சட்டத்தை வரைந்த ஸ்டீபனுக்கு மூர்காக் தெரிந்திருக்க வழியில்லை, அந்தக் கப்பல் தரைதட்ட இன்னும் பதினைந்து ஆண்டு இருந்தது. இந்த வரம்புரை எந்த மரபைச் சேர்ந்தது என்றால் 1836இன் ஹட்டன் எதிர் வாரன் வழக்கின் மரபைச் சேர்ந்தது. நிலத்தை விட்டுப் போகும் குத்தகை விவசாயி, விதைத்த விதைக்கும் உழைப்புக்கும் ஈடு கேட்டார். குத்தகைப் பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்த வட்டாரத்து வேளாண் வழக்கம் அதைக் கொடுத்தது, நீதிமன்றம் ஏற்றது.

இது வெறும் வரலாற்றுப் பெருமை இல்லை என்பதற்கு ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்கு ஏற்றுமதியாளர் 1000 கிலோ கிரே துணி அனுப்புகிறார். ஆர்டர் சீட்டில் நிறம், கிலோவுக்கு என்ன ரேட், எந்தத் தேதிக்குள், இவ்வளவுதான் இருக்கிறது. சாயமேற்றித் திரும்பி வந்தது 930 கிலோ. ஏற்றுமதியாளர் குறைந்த 70 கிலோ துணியின் விலையைச் சாயக்கூலியில் பிடித்துக்கொள்கிறார். பட்டறைக்காரர் வழக்குப் போடுகிறார்.

வழிப்போக்கரைக் கூப்பிடுவோம். “சாயம் போட்டால் எடை குறையும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்” என்கிறார். “அது தெரியாதா” என்று இருவரும் சொல்வார்கள். சரி, எவ்வளவு குறையலாம்? வழிப்போக்கர் விழிக்கிறார். நூற்றுக்கு இரண்டா, ஐந்தா, ஏழா? ஐந்து சோதனைகளில் தெளிவாக எழுதத்தக்கது என்ற சோதனை இங்கே தடுக்கிவிழும். நீதிபதிக்கு இரண்டு வழிதான். நிபந்தனையே இல்லை என்று பட்டறைக்காரரைத் தோற்கடிக்கலாம், அல்லது தாமாக ஒரு எண்ணைச் சொல்லலாம்.

ஐந்தாம் வரம்புரை வழியாகப் போனால் பட்டறைக்காரர் பிராதிலேயே வழக்கத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில், இந்த வகைத் துணிக்கு, அடர்ந்த நிறம் ஏற்றினால் இத்தனை சதவீதக் குறைவுக்குப் பிடித்தம் கிடையாது என்று எண்ணோடு சொல்ல வேண்டும். விசாரணைக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்தால் எதிர்த்தரப்பு விடாது. அப்புறம் சாட்சியம். அதே ஏற்றுமதியாளரோடு முன்பு நடந்த டெலிவரி சலான்கள் மட்டும் போதாது, அது இருவருக்குள் இருந்த பழக்கம்தான், தொழிலின் வழக்கம் ஆகாது. வேறு பட்டறைகளின் சலானும் வேறு ஏற்றுமதியாளர்களின் பில்லும் வேண்டும், தொழிலில் ஊறிய ஒருவர் கூண்டேறவும் வேண்டும். குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெளிர் நிறத்துக்கும் இதே எண்தானா என்பது. அடுத்தது, இதற்குக் குறைவான எடைக்குறைவுக்கே யாராவது பிடித்தம் செய்து பட்டறை பேசாமல் ஏற்றுக்கொண்டது உண்டா என்பது. ஒன்றிரண்டு உதாரணத்தால் வழக்கம் செத்துப்போகாது, நிறைய வந்தால் வழக்கமே இல்லை என்று ஆகும். எல்லாம் தாண்டி நூற்றுக்கு ஐந்து என்று நின்றால் 50 கிலோவைப் பிடிக்கக் கூடாது, மீதி 20 கிலோவைப் பிடிக்கலாம். அந்த எண் நீதிபதியின் மனத்திலிருந்து வந்ததில்லை, சலான் கட்டிலிருந்து வந்தது. மேல்முறையீட்டில் அதைச் சரிபார்க்கவும் முடியும்.

ஆர்டர் சீட்டிலேயே “எடை எவ்வளவு குறைந்தாலும் பிடித்தம்” என்று அச்சிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. எழுதியதை வழக்கம் வெல்லாது. சமீபத்தில் பெரிய நிறுவனங்களின் சீட்டுகளில் இத்தகைய வரிகள் பெருகியிருக்கின்றன என்பதை வழக்கறிஞர் நண்பர்கள் கவனித்திருப்பீர்கள். நான் சொல்லும் வழிக்கு இது உண்மையான எல்லை, அதை மறுக்கமாட்டேன்.

என் நண்பரின் வலுவான ஆட்சேபம் இன்னொன்று. தொழில் வழக்கம் என்பது வலியவன் எழுதியது, சங்கத்தில் யார் குரல் ஓங்குகிறதோ அவரே வழக்கத்தை நிர்ணயிக்கிறார் என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. நெல் மண்டியில் எடைக்கல்லோடு விளையாடுவதும் ஒரு காலத்தில் வழக்கம்தான். ஆனால் நியாயமற்ற வழக்கத்தையும், அந்தச் சந்தைக்கு வருபவருக்குத் தெரிந்திருக்கும் என்று கொள்ளுமளவுக்குப் பரவாத வழக்கத்தையும் நீதிமன்றங்கள் ஏற்காமல் விட்டதுண்டு. வழக்கத்தைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். வழிப்போக்கரைக் கேட்க முடியாது, அவர் எந்த ஊர்க்காரர், எந்தத் தொழில் தெரிந்தவர் என்று யாரும் சொன்னதில்லை. என் அனுபவத்தில் அவர் பெரும்பாலும் கோட்டு போட்ட மூத்த வழக்கறிஞர்.

இன்னொரு முரணையும் பாருங்கள். 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 28(3) பிரிவு, ஒப்பந்த வாசகத்தோடு அந்தப் பரிவர்த்தனைக்குரிய வணிக வழக்கத்தையும் நடுவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகும் அது அங்கேதான் இருக்கிறது. அதே சாயப்பட்டறைத் தகராறு நடுவரிடம் போனால் வழக்கத்தைக் கணக்கில் எடுப்பது அவர் கடமை. வணிக நீதிமன்றத்துக்கு வந்தால் நாம் நபாவின் ஐந்து வரிகளை மேற்கோள் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

மூன்றாம் அமர்வில் என் நண்பர் கட்டுரை வாசிக்கிறார். என் கருத்தை மறுக்கத்தான் வந்திருக்கிறார், அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. அவரிடம் எனக்கு ஒரே கேள்வி, பதிலைக் கட்டுரையிலேயே சொன்னால் நேரம் மிச்சமாகும்: ஐந்து சோதனைகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த 930 கிலோ வழக்கில் எத்தனை கிலோவுக்குத் தீர்ப்பு எழுதுவீர்கள், அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பீர்கள்?