டிவிடெண்டா, குரோத்தா? வரி எங்கே வெட்டுகிறது

(காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ஒருவர், "ஃபண்டிலிருந்து மாதாமாதம் டிவிடெண்ட் வருகிறது. 10 சதவீதம் வரியும் பிடித்துவிட்டார்கள். பிறகு ஏன் ஆடிட்டர் இன்னும் கட்டச் சொல்கிறார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பேச்சு.

2020 ஏப்ரல் 1 முதல், மியூச்சுவல் ஃபண்ட் தரும் டிவிடெண்ட் முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் வரம்புக்கு என்ன விகிதமோ அதுதான் வரி. பிடித்த 10 சதவீதம் முன்பணம் மாதிரி. கணக்கு அதோடு முடியாது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில் 10 லட்சம் போட்டீர்கள். யூனிட் 20 ரூபாய் வீதம் 50,000 யூனிட். இரண்டு ஆண்டில் யூனிட் 24 ரூபாய் ஆனது. மொத்தம் 12 லட்சம். செலவுக்கு 1,20,000 ரூபாய் வேண்டும். நீங்கள் 20 சதவீத வரம்பில் இருக்கிறீர்கள்.

அதை டிவிடெண்டாக வாங்கினால், 1,20,000 முழுவதற்கும் வரி: 24,000 ரூபாய், அதன் மேல் செஸ். யூனிட் விலையும் அந்த அளவு இறங்கிவிடும். அதாவது உங்கள் சொத்தே பிரிந்து கைக்கு வருகிறது, கூடவே வரியும் வருகிறது.

குரோத் வகையில், விற்கும்வரை வரி இல்லை. 5,000 யூனிட் விற்றால் அதே 1,20,000 கிடைக்கும். ஆனால் அதில் 1,00,000 நீங்கள் போட்ட முதல். லாபம் 20,000 மட்டுமே. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால், நிதியாண்டில் 1,25,000 ரூபாய் வரையிலான இத்தகைய லாபத்துக்கு வரி இல்லை. எனவே வரி பூஜ்யம். அதற்கு மேற்பட்ட லாபத்துக்குத்தான் 12.5 சதவீதம். ஓராண்டு முடியாமல் விற்றிருந்தால் 20 சதவீதம், அதாவது 4,000. இவை 2024 ஜூலை 23 முதல் உள்ள விகிதங்கள்.

கடன்பத்திர ஃபண்டுக்கு இந்தச் சலுகை இல்லை. 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருந்தால், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் லாபம் வருமானத்தோடு சேரும். அப்போதும் லாபத்துக்கு மட்டும்தான் வரி, எடுத்த தொகை முழுவதற்கும் அல்ல.

இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் திட்டத்தின் பெயரோடு IDCW என்று இருந்தால் அது டிவிடெண்ட் வகை. ஆனால் அவசரப்பட்டு குரோத்துக்கு மாற்றாதீர்கள். அந்த மாற்றமே விற்பனையாகக் கருதப்பட்டு, அன்றைய லாபத்துக்கு வரி வரும். அடுத்து, எஸ்.ஐ.பி. போட்டவர்களுக்கு ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டு தனியாக எண்ணப்படும்; முதலில் வாங்கிய யூனிட்டே முதலில் விற்றதாகக் கணக்கு.

வரி வரம்புக்குள் வராதவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. மற்றவர்கள் இன்றிரவு ஸ்டேட்மென்ட்டை எடுத்து அந்த நான்கு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.